ரீஃபண்ட் ஓகே ஆன நிமிஷமே கோர்ஸ் பூட்டிக்கிச்சு, பணம் மட்டும் இன்னும் வரலை. இது முறையா?

இரவுப்படிப்பு | ஜூன் 19, இரவு 9:40

டேட்டா அனாலிசிஸ் கோர்ஸ் ஒண்ணு ஜூன் 2 இரவு 11:50க்கு கிரெடிட் கார்டுல வாங்கினது. ரீஃபண்ட் கேட்க 14 நாள் டைம். ஜூன் 15 மாலை கேட்டாச்சு. ஜூன் 16 காலை 10:12க்கு "உங்கள் ரீஃபண்ட் ஏற்கப்பட்டது, 5 முதல் 10 வேலை நாட்களில் பணம் வரும்"னு மெயில். அதே 10:12க்கே கோர்ஸ் பக்கம் பூட்டு. வீடியோ, நோட்ஸ், நான் சமர்ப்பிச்ச ரெண்டு அசைன்மென்ட், அதுக்கு மென்டர் எழுதின கமென்ட், எதுவுமே திறக்கலை.

இன்னிக்கு மூணாவது வேலை நாள். பணம் வரலை. பணமும் அவங்ககிட்ட, கோர்ஸும் அவங்ககிட்ட. பணம் என் கைக்கு வந்த பிறகுதானே பூட்டணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நேர்வழி | ஜூன் 19, இரவு 10:05

உங்க பக்கம்தான் நியாயம். பணம் வர்ற வரைக்கும் கோர்ஸ் உங்களோடது. ஐரோப்பாவுல 14 நாளைக்குள்ள காரணமே சொல்லாம திருப்பலாம்னு சட்டமே இருக்கு. கார்டு கொடுத்த பேங்க்ல உடனே டிஸ்ப்யூட் போடுங்க, ஒரே வாரத்துல வழிக்கு வருவாங்க.

பேரேடு | ஜூன் 19, இரவு 11:20

டிஸ்ப்யூட் இப்ப வேண்டாம். ஏன்னு கடைசியில சொல்றேன். முதல்ல பூட்டு விஷயம். கோர்ஸ் தளங்களோட பில்லிங் பக்கத்துல வேலை செய்யறதால அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு தெரியும்.

"பணம் வந்த பிறகு பூட்டு"ங்கிறது கேட்க நியாயமா இருக்கு. ஆனா உங்க கணக்குல பணம் விழுந்த நேரம் கோர்ஸ் வித்தவருக்குத் தெரியவே தெரியாது. கார்டு ரீஃபண்ட் போற வழி இதுதான்: தளத்துல ஒருத்தர் "ஏற்கிறேன்"னு அழுத்தறார். பேமென்ட் நிறுவனத்துல ஒரு ரீஃபண்ட் பதிவு உருவாகுது. அது வித்தவரோட பேங்குக்குப் போய், கார்டு நெட்வொர்க் வழியா உங்க பேங்குக்கு வருது. உங்க பேங்க் தன் வசதிப்படி உங்க கணக்குல ஏத்துது. ஸ்ட்ரைப் மாதிரி பேமென்ட் நிறுவனத்துல கார்டு ரீஃபண்டோட நிலை பெரும்பாலும் உடனேயே `succeeded` ஆகிடும். அதுக்கு அர்த்தம் "பேங்குக்கு அனுப்பியாச்சு". "வாடிக்கையாளர் கையில சேர்ந்துச்சு"ன்னு சொல்ற செய்தி அந்த வழியில எங்கேயும் கிடையாது. அனுப்பினது திரும்பி வந்தா மட்டும் `refund.failed`னு ஒண்ணு வரும்.

அதனால தளத்துக்குத் தெரிஞ்ச கடைசி உறுதியான நேரம் ஏற்பு நேரம்தான். பூட்டையும் அதுலதான் கட்ட முடியும்.

ரெண்டாவது காரணமும் இருக்கு. கார்டு ரீஃபண்டை அனுப்பின பிறகு வித்தவர் நினைச்சா திரும்ப இழுத்துக்க முடியாது. 16-ம் தேதி ஏத்துக்கிட்டு 30-ம் தேதி வரைக்கும் கோர்ஸைத் திறந்து வச்சா, அந்த ரெண்டு வாரத்துல ஒருத்தர் 40 மணி நேர வீடியோவும் பார்த்து, சர்டிஃபிகேட்டும் எடுத்துட்டுப் போயிடலாம்.

இப்ப டிஸ்ப்யூட். ரீஃபண்ட் வழியில இருக்கும்போது அதே பணத்துக்கு டிஸ்ப்யூட் போட்டா பேங்க் தற்காலிகமா ஒரு தொகை ஏத்தும். பிறகு ரீஃபண்டும் வந்து சேரும். ஒரே செலவுக்கு ரெண்டு வரவு. கடைசியில ஒண்ணைத் திரும்ப எடுப்பாங்க, அதுக்குள்ள தளம் உங்க அக்கவுண்டையே முடக்கியிருக்கலாம். முடக்கினா அதுல நீங்க வச்சிருக்கிற மத்த கோர்ஸும் சேர்ந்து போகும்.

பேரேடு | ஜூன் 19, இரவு 11:31

ஒரு திருத்தம். "வித்தவருக்குத் தெரியவே தெரியாது"ன்னு எழுதினது கார்டுக்குப் பொருந்தும். ரீஃபண்டை தளத்தோட வாலட்லயோ கிரெடிட்டாவோ வாங்கினா அது அவங்க பேரேட்டுக்குள்ளேயே நடக்கிற விஷயம். அங்க பணமும் பூட்டும் ஒரே நொடிதான். யூடெமியில கார்டுக்குத் திருப்பறதுக்கும் கிரெடிட்டா வாங்கறதுக்கும் வேகத்துல இவ்வளவு வித்தியாசம் வர்றது இதனாலதான்.

நேர்வழி | ஜூன் 20, காலை 7:15

டிஸ்ப்யூட் பத்தி சொன்னது புரிஞ்சுது, என் பேச்சை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஐரோப்பிய சட்டம் சரிதானே?

பேரேடு | ஜூன் 20, காலை 8:02

பாதி சரி. 2011/83 டைரக்டிவ் தொலைவிலிருந்து வாங்கறதுக்கு 14 நாள் விலகும் உரிமை தருது. ஆனா டிஜிட்டல் உள்ளடக்கத்துக்கு அதே சட்டத்துல 16-வது பிரிவு (m)ல ஒரு விலக்கு இருக்கு. "உடனே தொடங்க சம்மதம், அதனால விலகும் உரிமையை இழக்கிறேன்னு தெரியும்"னு வாங்கறவர் ஒப்புக்கிட்டு, உள்ளடக்கமும் தொடங்கியாச்சுன்னா அந்த உரிமை போயிடும். பணம் கட்டற பக்கத்துல தனியா ஒரு டிக் பெட்டி வர்றது அதுக்குத்தான். பலரும் படிக்காமலே டிக் பண்ணிட்டுப் போறாங்க.

உரிமை இருந்து, அதைப் பயன்படுத்தி விலகினாலும், அதுக்கப்புறம் உள்ளடக்கத்தைப் பயன்படுத்தக் கூடாது, வித்தவர் அணுகலை நிறுத்தலாம்னு அதே டைரக்டிவ்ல 2019/2161 மூலமா சேர்த்திருக்காங்க. 2022 மே 28லேருந்து நடைமுறையில இருக்கு. ஆக, பூட்டறதை அந்தச் சட்டம் தடுக்கலை, அனுமதிக்குது.

பல தளங்கள் 14 நாள், 30 நாள்னு கொடுக்கிறது சட்டத்துக்கு மேல தாங்களா கொடுக்கிற வாக்கு. அது அவங்க விதிப்படிதான் நடக்கும். கோர்செராவுல தனியா வாங்கின கோர்ஸுக்கு 14 நாள், ஆனா சர்டிஃபிகேட் வாங்கிட்டா அந்த 14 நாளுக்குள்ள இருந்தாலும் ரீஃபண்ட் இல்லை. யூடெமியில 30 நாள், ஆனா கோர்ஸோட பெரும்பகுதியைப் பார்த்திருந்தாலோ இறக்கியிருந்தாலோ மறுக்கலாம்.

மாதாமாதம் | ஜூன் 20, பகல் 1:44

எனக்கும் இதே பிரச்சினைதான். மாதச் சந்தா ரீஃபண்ட் ஆச்சு, பணமும் வந்துச்சு. ஆனா கோர்ஸ் பூட்டவே இல்லை, அடுத்த மாசம் மறுபடி பணம் எடுத்துட்டாங்க. இதுக்கு என்ன பண்றது?

பேரேடு | ஜூன் 20, பகல் 2:30

உங்களோடது இதுக்கு நேர் எதிர் பிரச்சினை. ஆனா இந்தக் கேள்விக்கு ரொம்ப உதவும், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

பணத்தைத் திருப்பறது ஒரு செயல். அணுகலை எடுக்கிறது இன்னொரு செயல். சந்தாவை நிறுத்தறது மூணாவது. வெளியிலிருந்து பார்த்தா ஒண்ணு மாதிரி தெரியும். உள்ள மூணும் தனித்தனி, யாரோ ஒருத்தர் அதுகளை இணைச்சு வைக்கணும். ஸ்ட்ரைப்ல ஒரு கட்டணத்தை ரீஃபண்ட் பண்ணினா சந்தா தானா நிக்காது. நிறுத்தறதுக்குத் தனிக் கட்டளை வேணும். உங்க தளத்துல யாரோ பணத்தை மட்டும் திருப்பிட்டு சந்தாவை விட்டுட்டாங்க. சந்தா உயிரோட இருந்ததால கோர்ஸும் திறந்தே இருந்தது, அடுத்த மாசக் கட்டணமும் ஓடிச்சு.

இப்ப செய்ய வேண்டியது: முதல்ல சந்தாவை நீங்களே ரத்து பண்ணுங்க. "ரத்தானது, இந்தத் தேதிக்குப் பிறகு கட்டணம் இல்லை"ங்கிற பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. அதுக்கப்புறம் ரெண்டாவது கட்டணத்தைத் திருப்பக் கேளுங்க. வரிசை மாறினா மூணாவது கட்டணமும் போகும்.

மாதாமாதம் | ஜூன் 20, மாலை 6:10

அக்கவுண்ட் பக்கத்துல "ஆக்டிவ்"னுதான் இருந்துச்சு. ரத்து பண்ணியாச்சு. நன்றி.

மூடுல்காவலர் | ஜூன் 20, இரவு 8:55

கல்வி நிறுவனங்களுக்கு மூடுல்ங்கிற கோர்ஸ் நடத்தற மென்பொருளை நிர்வகிக்கிறவங்க பக்கத்துலேருந்து ஒண்ணு. மூடுலோட பேபால் சேர்க்கைப் பிளகின்ல இந்த இணைப்பு நிரலுக்குள்ளேயே இருக்கு. பேபாலிலிருந்து வர்ற செய்தியில கட்டணத்தோட நிலை `Completed`ஓ `Pending`ஓ இல்லைன்னா, மாணவரைக் கோர்ஸிலிருந்து நீக்கிட்டு நிர்வாகிக்கு ஒரு தகவல் அனுப்பும். ரீஃபண்ட் ஆனா வர்ற நிலை `Refunded`. அதனால யாரும் உட்கார்ந்து பூட்ட வேண்டியதில்லை, செய்தி வந்த நொடியே நடக்கும். 10:12க்கு மெயில், 10:12க்கே பூட்டுன்னு இரவுப்படிப்பு சொல்றதைப் பார்த்தா அங்கேயும் இப்படி ஒரு தானியங்கிதான் இருக்கணும்.

அசைன்மென்ட் பத்தி யாரும் பேசலையே. பணத்தைவிட அவருக்கு அதுதான் வலிக்குதுன்னு நினைக்கிறேன். மூடுல்ல ஒருத்தரை வெளியேத்த ரெண்டு வழி இருக்கு. சேர்க்கையை இடைநிறுத்தலாம், இல்லைன்னா நீக்கலாம். இடைநிறுத்தினா மாணவரால உள்ள வர முடியாது, ஆனா மதிப்பெண், சமர்ப்பிப்பு எல்லாம் இருந்த இடத்துலேயே இருக்கும். நீக்கினா மதிப்பெண் பட்டியலிலிருந்து பெயரே போயிடும். மறுபடி சேர்க்கும்போது "பழைய மதிப்பெண்களை மீட்கவும்"ங்கிற தேர்வைப் போட்டா அது திரும்பும். பேபால் பிளகின் செய்றது ரெண்டாவது வழி.

ஆக "திறக்கலை"ங்கிறதுக்கு "அழிஞ்சுது"ன்னு அர்த்தம் இல்லை. கேட்டுப் பாருங்க.

இரவுப்படிப்பு | ஜூன் 20, இரவு 10:20

ஆமா சார், அதுதான் வலி. ரெண்டு அசைன்மென்டுக்கும் சேர்த்து பதினோரு நாள் உழைப்பு. கோர்ஸ் எனக்கு ஒத்து வரலைன்னுதான் திருப்பினேன், எழுதினது வேண்டாம்னு இல்லை. கேட்டு எழுதறேன்.

பலகைக்கரி | ஜூன் 21, காலை 6:30

கோர்ஸ் நடத்தறவங்க பக்கமும் இருக்கட்டும். பெரிய சந்தைத் தளங்கள்ல ஒரு கோர்ஸ் வித்தா ஆசிரியருக்கு அன்னிக்கே பணம் வராது. திருப்பும் காலம் முடியற வரைக்கும் நிறுத்தி வச்சுட்டு அப்புறம்தான் கணக்கு முடிப்பாங்க. ரீஃபண்ட் ஆனா ஆசிரியர் பங்கும் கழியும். அந்த மாணவர் இல்லைன்னு ஆன பிறகும் கேள்வி பதில் பகுதியில கேட்டுக்கிட்டே இருந்தா, பதில் சொல்ற வேலை மட்டும் மிச்சம்.

அதே சமயம் மென்டர் கமென்டையும் பூட்டறது எனக்குப் பிடிக்கலை. மாணவர் எழுதினது மாணவரோடது.

பேரேடு | ஜூன் 21, காலை 9:12

அதை ஒத்துக்கறேன். 2019/2161 விஷயத்தை நேத்து அரைகுறையா விட்டுட்டேன். விலகினவர் தானே உருவாக்கின உள்ளடக்கத்தைக் கேட்டா, இலவசமா, நியாயமான காலத்துக்குள்ள, வழக்கமான கணினி வடிவத்துல தரணும்னும் அதுல இருக்கு. சில விதிவிலக்கு உண்டு. அந்தச் சேவைக்கு வெளியே பயனே இல்லாதது, மத்தவங்க தரவோடு பிரிக்க முடியாம கலந்தது எல்லாம் தர வேண்டியதில்லை. அசைன்மென்ட் கோப்பு இந்த விலக்குல வராது. மென்டர் கமென்ட் மென்டர் எழுதினது, அதனால அது வாதத்துக்குரியது. ஐரோப்பாவுக்கு வெளியே இதைச் சட்டமா காட்ட முடியாது. ஆனா கேட்கும்போது சொல்ற வாசகமா நல்லா உதவும்.

இனிமே திருப்ப நினைக்கிறவங்களுக்கு: ரீஃபண்ட் பொத்தானைத் தொடறதுக்கு முன்னாடியே உங்க கோப்பு, நோட்ஸ், கமென்ட் எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கங்க. நோட்ஸ் பக்கத்துல ஏற்றுமதி வசதி இல்லைன்னா பிரவுசர்ல அச்சிடும் கட்டளை கொடுத்து பிடிஎஃப்பா சேமிச்சா போதும். வீடியோவை மட்டும் இறக்காதீங்க. தளத்தோட பதிவுல "இத்தனை வீடியோ இறக்கப்பட்டது"ன்னு விழுந்தா ரீஃபண்டையே மறுக்க அது காரணமாகும். ஆப்ல ஆஃப்லைனுக்குச் சேமிச்ச வீடியோவும் நிலைக்காது, ஆப் அடுத்த தடவை இணையத்துல உரிமத்தைச் சரிபார்க்கும்போது அணைஞ்சிடும்.

கடைசிநாள் | ஜூன் 22, மாலை 4:18

14 நாள்னா எப்படி எண்ணறாங்க? ஜூன் 2 இரவு 11:50க்கு வாங்கினா ஜூன் 16 இரவு 11:50 வரைக்குமா, இல்லை ஜூன் 15 நள்ளிரவோட முடியுமா?

பேரேடு | ஜூன் 22, மாலை 5:40

நல்ல கேள்வி, நிறைய பேர் இதுலதான் தோத்துப் போறாங்க. மூணு வகை இருக்கு.

சில தளம் ஆர்டர் நேரத்தோட 14 முறை 24 மணி நேரத்தைக் கூட்டும். அப்ப உங்க கணக்கு, ஜூன் 16 இரவு 11:50. சில தளம் நாட்களை எண்ணும், வாங்கின நாளை ஒண்ணுன்னு வச்சா 14-வது நாள் ஜூன் 15. வாங்கின நாளை விட்டுட்டு அடுத்த நாளை ஒண்ணுன்னு எண்ணினா ஜூன் 16. இதோட யூடிசிங்கிற உலகப் பொது நேரமும் சேரும். சர்வர் யூடிசியில ஓடினா உங்க ஊர் இரவு 11:50 அங்க இன்னும் மாலையா இருக்கலாம், இல்லை அடுத்த நாளே பிறந்திருக்கலாம். நள்ளிரவை ஒட்டி வாங்கினவங்களுக்கு ஒரு நாள் முன்னயோ பின்னயோ நகரும்.

பாதுகாப்பு ஒண்ணுதான்: 12-வது நாளுக்குள்ள கேட்டுடுங்க. இன்னொண்ணு, கேட்ட நேரமா ஏற்ற நேரமா எதை வச்சு காலத்தைப் பார்க்கிறாங்கன்னு விதிகள்ல தேடுங்க. பெரும்பாலும் கேட்ட நேரம். அதனால கேட்டதுக்கு வந்த தானியங்கி மெயிலை அழிக்காதீங்க, நேரத்துக்கு அதுதான் சாட்சி.

தொடங்கும் நாள் தனியா இருக்கிற கோர்ஸுக்குக் கணக்கு வேற. கோர்செராவுல கட்டின நாள், கோர்ஸ் தொடங்கும் நாள், ரெண்டுல எது பிந்தினதோ அதுலேருந்து 14.

ஆப்வழி | ஜூன் 23, காலை 11:05

தளத்துல கேட்டா "நீங்க ஆப் ஸ்டோர் வழியா வாங்கியிருக்கீங்க, நாங்க ரீஃபண்ட் தர முடியாது"ன்னு சொல்றாங்க. தட்டிக் கழிக்கிறாங்களா?

பேரேடு | ஜூன் 23, பகல் 12:20

இல்லை, உண்மைதான். ஆப்பிள் ஆப்ல வாங்கினா பணத்தை வாங்கினது ஆப்பிள், முடிவும் ஆப்பிளோடது. `reportaproblem.apple.com`ல கேட்கணும். கோர்ஸ் வித்தவரோட சர்வருக்கு ஆப்பிள் சில சமயம் `CONSUMPTION_REQUEST`னு ஒரு செய்தி அனுப்பி, எவ்வளவு பயன்படுத்தியிருக்காங்கன்னு கேட்கும். 12 மணி நேரத்துக்குள்ள பதில் சொல்லணும். ஆப்பிள் ஏத்துக்கிட்டா `REFUND`னு செய்தி வரும், அப்பதான் தளம் பூட்டும். மறுத்தா `REFUND_DECLINED`. தளம் இந்தச் செய்திகளைக் கேட்கும்படி எழுதப்படலைன்னா பணம் திரும்பினதே அவங்களுக்குத் தெரியாது.

கூகுள் பிளேல ரெண்டும் தனின்னு இன்னும் தெளிவா தெரியும். ரீஃபண்ட் கொடுக்கிற கட்டளையோட `revoke`னு ஒரு தேர்வு இருக்கு. அதைப் போட்டா அணுகலும் போகும். போடாம விட்டா பணம் மட்டும் திரும்பும், உரிமை இருக்கும்.

தொகுப்பு | ஜூன் 24, இரவு 9:33

மூணு கோர்ஸ் சேர்ந்த பண்டில் வாங்கி அதுல ஒண்ணுக்கு மட்டும் ரீஃபண்ட் வாங்கினா மூணும் பூட்டுமா?

பேரேடு | ஜூன் 24, இரவு 10:47

தளம் எழுதினவர் எதைப் பார்த்துப் பூட்டறார்ங்கிறதைப் பொறுத்தது. ஸ்ட்ரைப்ல பகுதி ரீஃபண்டுக்கும் முழு ரீஃபண்டுக்கும் வர்ற செய்தியோட பெயர் ஒண்ணுதான், `charge.refunded`. உள்ளே இருக்கிற விவரத்தைப் பார்த்தாதான் பகுதியா முழுசான்னு தெரியும்:

```
"amount": 10000,
"amount_refunded": 4000,
"refunded": false
```

பத்தாயிரத்துல நாலாயிரம்தான் திரும்பியிருக்கு, அதனால `refunded` இன்னும் `false`. செய்தியோட பெயரை மட்டும் பார்த்து எழுதினவர் மூணு கோர்ஸையும் பூட்டிடுவார். `refunded`ஐப் பார்த்து எழுதினவர் ஒண்ணையும் பூட்ட மாட்டார், நீங்க திருப்பின கோர்ஸும் திறந்தே இருக்கும். எந்தக் கோர்ஸுக்கான தொகை இதுன்னு ஸ்ட்ரைப்புக்குத் தெரியாது. அந்தக் கணக்கைத் தளம் தன் ஆர்டர் வரிசையில வச்சிருந்தாதான் சரியா ஒண்ணை மட்டும் பூட்ட முடியும்.

வூகாமர்ஸ்ங்கிற ஆன்லைன் கடை மென்பொருள்லயும் இதே கதை. முழுத் தொகையும் திரும்பினா ஆர்டர் நிலை `refunded`னு மாறும், கோர்ஸ் பிளகின் அதைப் பார்த்துப் பூட்டும். பகுதி ரீஃபண்டுல நிலை மாறாது.

மீதி ரெண்டும் பூட்டியிருந்தா ஆர்டர் எண், திருப்பின தொகை, திருப்பாத கோர்ஸ்களோட பெயர் மூணையும் எழுதி அனுப்புங்க. "கோர்ஸ் வேலை செய்யலை"ன்னு மட்டும் எழுதினா வீடியோப் பிரச்சினைன்னு வேற பிரிவுக்குத் தள்ளிடுவாங்க.

இரவுப்படிப்பு | ஜூலை 1, காலை 8:25

நேத்தோட பத்து வேலை நாளும் முடிஞ்சுது. பணம் வரலை. தளத்துல கேட்டா "எங்க பக்கம் முடிந்தது"ன்னு ஒரே வரி. பேங்க்ல கேட்டா "எதுவும் வரலை". நடுவுல நான்.

பேரேடு | ஜூலை 1, காலை 9:03

இப்ப நீங்க கேட்க வேண்டியது ஒரு எண். ஏஆர்என்னு சொல்லுவாங்க, 23 இலக்கம். ரீஃபண்ட் கார்டு நெட்வொர்க்குக்குள்ள போகும்போது அதுக்கு ஒட்டற எண் அது. தளத்தோட பேமென்ட் பக்கத்துல ரீஃபண்ட் விவரத்துல இருக்கும். "ஜூன் 16 ரீஃபண்டோட ஏஆர்என் எண்ணும், அது போய்ச் சேர்ந்த கார்டோட கடைசி நாலு இலக்கமும் தாங்க"ன்னு எழுதுங்க. அந்த நாலு இலக்கம் முக்கியம்.

அதை வச்சுக்கிட்டு பேங்க்ல "ரீஃபண்ட் வந்துச்சா"ன்னு கேட்காதீங்க. "இந்த ஏஆர்என்ல ஒரு வரவு இருக்கு, தேடிச் சொல்லுங்க"ன்னு கேளுங்க. முதல் கேள்விக்கு உங்க இப்போதைய கணக்கை மட்டும் பார்ப்பாங்க. ரெண்டாவது கேள்வி கார்டுப் பிரிவுக்குப் போகும்.

தளம் ஏஆர்என் தர முடியலைன்னா ரீஃபண்ட் உண்மையிலேயே அனுப்பப்படாம இருக்க வாய்ப்பு உண்டு. ஏற்பு மெயில் ஒரு கருவியிலேருந்தும் பணம் வேறொரு கருவியிலேருந்தும் போற தளங்கள்ல இது நடக்கும். முதல்ல சொன்ன டிஸ்ப்யூட்டுக்கு இடம் வர்றது அப்பதான். "வரவு வைக்க ஒப்புக்கிட்டு வைக்கலை"ங்கிற காரணத்துல போடணும். ஏற்பு மெயில்தான் ஆதாரம்.

நேர்வழி | ஜூலை 1, காலை 9:40

அப்ப நான் முதல்லயே சொன்ன டிஸ்ப்யூட் கடைசியில தேவைப்படலாம்!

பேரேடு | ஜூலை 1, காலை 9:52

தேவைப்படலாம். ஆனா மூணாவது நாள்ல போட்டிருந்தா தோத்திருக்கும், இப்ப போட்டா நிக்கும். காலம் மட்டும்தான் வித்தியாசம்.

இரவுப்படிப்பு | ஜூலை 3, மாலை 7:16

ஏஆர்என் கிடைச்சுது. கடைசி நாலு இலக்கத்தைப் பார்த்ததும் விஷயம் புரிஞ்சுது, அது என் பழைய கார்டு. ஜூன் 8 கார்டு தொலைஞ்சு பேங்க்ல வேற எண்ல புதுசு கொடுத்தாங்க. தளம் வாங்கின கார்டுக்கே திருப்பியிருக்கு. பணம் ஜூன் 20லேருந்து பழைய கார்டு எண்ல வரவா கிடக்குதாம், புதுக் கார்டுக்கு மாத்தப்படலை. எண்ணைச் சொன்னதும் அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டாங்க. ரெண்டு நாள்ல மாத்தறாங்களாம்.

ஆக நான் 19-ம் தேதி இங்க எழுதின மறுநாளே பணம் பேங்குக்கு வந்திருக்கு. தளத்தைப் பத்தி நான் எழுதின கோபத்துல பாதி தப்பு.

பேரேடு | ஜூலை 3, இரவு 8:01

கார்டு எண் மட்டும் மாறி கணக்கு அதேன்னா பெரும்பாலும் பேங்க் தானா சேர்த்துடும். உங்களுக்குச் சேரலை. கணக்கையே மூடியிருந்தா கதை வேற: பேங்க் பணத்தைத் திருப்பி அனுப்பும், தளத்துக்கு `refund.failed` வரும், வேற வழியில அவங்க கொடுக்கணும். அதுக்கு மூணு நாலு வாரம்கூட ஆகும். அந்த நேரத்துலயும் கோர்ஸ் பூட்டியேதான் இருக்கும், ஏன்னா ஆர்டர் ரத்தானது ரத்தானதுதான். பணம் கொடுக்க வேண்டிய கடன் மட்டும் அவங்க மேல நிக்கும்.

வாங்கின கார்டுக்கே திருப்பறதும் விதிதான். வேற கார்டுக்கு அனுப்பினா திருட்டுக் கார்டுல வாங்கி சொந்தக் கணக்குல பணமா எடுக்க வழி திறந்துடும். அதனால கேட்கும்போதே "அந்தக் கார்டு மாறிடுச்சு"ன்னு சொல்லி வைக்கறது நல்லது.

மூடுல்காவலர் | ஜூலை 3, இரவு 8:40

அசைன்மென்ட் என்னாச்சு?

இரவுப்படிப்பு | ஜூலை 3, இரவு 9:15

ரெண்டு கோப்பும் மெயில்ல வந்துச்சு. மென்டர் கமென்ட் தர முடியாதுன்னுட்டாங்க, கோர்ஸோட பகுதின்னு காரணம் சொல்றாங்க.

பலகைக்கரி | ஜூலை 4, காலை 6:20

எனக்கு அது சரின்னு படலை. ஒருத்தர் எழுதினதைப் பத்தி எழுதின ரெண்டு பத்தி எப்படி கோர்ஸோட பகுதியாகும்?

பேரேடு | ஜூலை 4, காலை 7:48

தனி வழிகாட்டலுக்குன்னே கூடுதல் பணம் வாங்கற கோர்ஸ்னா அந்தக் கமென்ட்தான் அங்க விற்பனைப் பொருள். பணம் திரும்பினா அதுவும் திரும்பணும்னு வாதிடுவாங்க. ஏற்கெனவே படிச்சாச்சு, பூட்டறதால அவங்களுக்கு என்ன லாபம்னு நீங்க கேட்பீங்க. ரெண்டு பக்கமும் எனக்குத் தெரியுது, எந்தப் பக்கம்னு முடிவு பண்ண முடியலை.

கடைசிநாள் | ஜூலை 4, பகல் 1:30

இதுக்கு நடுவுல ஒரு கேள்வி. மூணு தவணையில கட்டற கோர்ஸ், ரெண்டு தவணை கட்டின பிறகு ரீஃபண்ட் ஏத்துக்கிட்டாங்க, கோர்ஸ் பூட்டியாச்சு. மூணாவது தவணை வர்ற 10-ம் தேதி. அது நிக்குமா?

பேரேடு | ஜூலை 4, பகல் 2:05

நிக்கும்னு நம்பி விட்டுடாதீங்க. தவணையும் உள்ளுக்குள்ள ஒரு சந்தா மாதிரிதான், மாதாமாதம் சாருக்குச் சொன்னதே உங்களுக்கும். தவணை தளத்தோடதுன்னா "தவணைத் திட்டம் ரத்தானது"ன்னு எழுத்துல வாங்குங்க. வேற கடன் நிறுவனம் மூலமா கட்டறீங்கன்னா அவங்க ஆப்பைத் திறந்து மீதித் தொகை பூஜ்யமான்னு பாருங்க. தளம் பணத்தைத் திருப்பறது அந்த நிறுவனத்துக்கு, உங்களுக்கு இல்லை. அங்க பதிவாகிறதுக்கு முன்னாடி 10-ம் தேதி வந்துட்டா தவணை எடுத்துடுவாங்க. இன்னிக்கே பாருங்க, ஆறு நாள்தான் இருக்கு.